எரிந்த மின்மோட்டார் பம்ப்செட்டுக்கு இழப்பீடு கோரி

12.05.2025

அனுப்புநர்: மு. செல்வராஜ், விவசாயி, ஒட்டன்சத்திரம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்
பெறுநர்: கிளை மேலாளர், பம்ப்செட் காப்பீட்டுப் பிரிவு

ஐயா,

என் கிணற்றிலுள்ள 5 ஹெச்.பி. மோனோபிளாக் மோட்டார் 09.05.2025 இரவு எரிந்துவிட்டது. கருகல் வாடை வந்ததும் மெயினை அணைத்தேன். கம்பத்தில் ஒரு பியூஸ் போயிருந்ததை மறுநாள் காலை மின்வாரிய ஊழியர் பார்த்துச் சரிசெய்தார். மோட்டாரை இன்னும் பிரித்துக் கட்டவில்லை. உங்கள் சர்வேயர் பார்ப்பதற்காக அப்படியே வைத்திருக்கிறேன்.

ரீவைண்டிங் ரூ.6,800, பேரிங் ரூ.850, ஸ்டார்ட்டர் காண்டாக்டர் ரூ.1,450, ஏற்றுகூலி ரூ.700, மொத்தம் ரூ.9,800 வழங்கக் கோருகிறேன். ஒன்றரை ஏக்கர் கத்தரி காய்ப்பில் நிற்கிறது. இந்த வெயிலில் தண்ணீர் இல்லாமல் தாங்காது. சர்வேயர் உடனே வர முடியாவிட்டால், புகைப்படம் எடுத்து, எரிந்த காயிலைப் பத்திரப்படுத்திவிட்டு வேலையைத் தொடங்க எழுத்தில் அனுமதி தாருங்கள்.

இணைப்பு: பாலிசி நகல், மோட்டார் ரசீது, மதிப்பீடு, எலக்ட்ரீசியன் அறிக்கை.

மு. செல்வராஜ்

எலக்ட்ரீசியன் அறிக்கை

11.05.2025 அன்று மோட்டாரைத் திறந்து சோதித்தேன். ஸ்டார் இணைப்பு. இரண்டு பேஸ் காயில்கள் முழுதும் கருகியுள்ளன, மூன்றாவது நிறம் மாறாமல் இருக்கிறது. ஒரு பேஸ் இல்லாமல் மோட்டார் ஓடியதற்கு இதுவே அடையாளம். கருகிய காயில்களுக்கும் பாடிக்கும் இடையே மெகர் அளவு பூஜ்யம். ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகியிருக்கிறது. ஆனால் காண்டாக்டர் முனைகள் உருகி ஒட்டியதால் மின்சாரம் நிற்கவில்லை. ஷாஃப்ட் கையால் தாராளமாகச் சுற்றுகிறது, பம்ப் இறுகவில்லை. தண்ணீர் புகுந்த தடயமும் இல்லை. சூட்டில் கிரீஸ் உருகிவிட்டதால் பேரிங் மாற்ற வேண்டும்.

உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன்
(கையொப்பம், முத்திரையுடன்)