வீசைக் கணக்கு: பாகான் சந்தையில் ஒரு நாள்

கட்டம் 1
(இன்றைய யாங்கோன் சந்தை. வெங்காயக் கடை, தராசு.)
பேத்தி: தாத்தா, கிலோன்னு கேட்டா ஏன் வீசையில நிறுக்குறாங்க?
தாத்தா: வீசை நம்ம தமிழ்ச் சொல்லு கண்ணு. பாகானுக்குப் போலாம், அங்க காட்டுறேன்.

கட்டம் 2
(ஐராவதிக் கரை. படகிலிருந்து மூட்டை இறங்குகிறது.)
குறிப்பு: 13-ஆம் நூற்றாண்டு. பர்மிய அரசின் தலைநகர் பாகான். நம் வணிகர்கள் சொன்ன பெயர் ‘புக்கம்’.
சுமைகூலி: மிளகு! துணி! வழி விடுங்கய்யா!

கட்டம் 3
குறிப்பு: நெல் சௌக்சே கால்வாய் வயல்களிலிருந்து வரும். ஊரெங்கும் கோயில் கட்டும் வேலை. கூலி வாங்கிய கையோடு சந்தைக்கு வருகிறார்கள்.
கொத்தன்: எனக்குக் கொஞ்சம் வெள்ளி, மீதி நெல்லு.
தச்சன்: எனக்கு வேட்டியாத்தான் குடுத்தாங்க!

கட்டம் 4
(ஓவியருக்கு: அரைப் பக்கம் இதற்கே. தராசு தெளிவாகத் தெரியட்டும், கதையே அதுதான்.)
குறிப்பு: பாகானில் நாணயம் கிடையாது. வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார்கள். இன்று நோட்டில் இருக்கும் ‘கியாட்’ அன்று ஓர் எடை. நூறு கியாட் ஒரு வீசை.
கடைக்காரி: மிளகு நல்லாருக்கு. இந்தா வெள்ளி.
துபாஷி: செட்டியாரே, வெள்ளி போடுறாங்க.
வணிகர்: வெட்டிக் காட்டச் சொல்லு. உள்ளேயும் வெள்ளிதானான்னு பார்க்கணும்.
(வெட்டும் சத்தம்: டக்!)
வணிகர்: சுத்தம். ஆனா தட்டு ஏறி நிக்குது பாரு.
துபாஷி: எடை குறையுதாம்மா.
கடைக்காரி: குறையிறதுக்கு நெல் அளந்து போடுறேன். அடுத்த தடவை இதே ஆள்தான் வரணும், சொல்லிடு.

கட்டம் 5
பேத்தி: இவங்க எல்லாம் தனித்தனியாவா வந்தாங்க?
தாத்தா: இல்லம்மா. பல நாட்டுக்கும் போய்வந்த வணிகர்களை ‘நானாதேசி’ன்னு சொல்வாங்க. இங்க அவங்களுக்குப் பெருமாள் கோயிலே இருந்துச்சு: நானாதேசி விண்ணகர்.

கட்டம் 6
(கோயில் முன். தச்சர்கள் கதவு பொருத்துகிறார்கள்.)
குறிப்பு: கொடுத்தவர் மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்துக்காரர் குலசேகர நம்பி. இன்றைய கேரளம் அது.
நம்பி: மண்டபம் ஆச்சு, கதவும் ஆச்சு. ஒரு நிலைவிளக்கும் வைக்கணும், நின்னு எரியுற மாதிரி.
கல்தச்சன்: எந்த எழுத்துல வெட்டட்டும்?
நம்பி: முதல்ல வடமொழிச் சுலோகம், அப்புறம் தமிழ்.

கட்டம் 7
(இன்று. பாகானில் அந்தக் கல்வெட்டு. பேத்தி கண்களைச் சுருக்கிப் பார்க்கிறாள்.)
பேத்தி: ஒரு எழுத்தும் புரியலையே தாத்தா.
தாத்தா: எழுத்து பழசு. கேளு, நான் சொல்றேன்: ‘நின்றெரிகைக்கு நிலைவிளக்கு’.
பேத்தி: நின்றெரிகைக்கு... நிலைவிளக்கு! இது புரியுது!