காலை வணக்கம், கடை திறந்தாச்சு

அக்கா, அண்ணே, அம்மா, எல்லாருக்கும் காலை வணக்கம். ஆறு மணிக்கே கடை திறந்தாச்சு, பாலும் வந்துருச்சு.

ராத்திரி மழையில தக்காளி நனைஞ்சுதான் வந்திருக்கு. கிலோ 36. காம்புப் பக்கம் லேசா வெடிப்பு இருக்கு, ரெண்டு நாளுக்கு மேல தாங்காது. அதனால அரைக் கிலோவுக்கு மேல எடுக்காதீங்க. நல்லா வெடிச்சதைத் தனிக் கூடையில 20 ரூபாய்க்கு வச்சிருக்கோம். இன்னைக்கே தொக்கு போடுறதா இருந்தா மட்டும் வாங்குங்க.

சின்ன வெங்காயம் புது வரத்து, இன்னும் ஈரம் காயல. மாசத்துக்குச் சேர்த்து நாலு கிலோ, அஞ்சு கிலோன்னு எடுக்கிறவங்க இந்த வாரம் பொறுங்க. இப்ப வாங்கினா காயக் காய எடை குறையும், தண்ணிக்குக் காசு கொடுத்த மாதிரி ஆயிடும். ஏற்கெனவே வாங்கியிருந்தா கவரோட வைக்காதீங்க, உள்ளேயே அழுகிடும். சாக்கு விரிச்சுக் காத்தாடிக்கு அடியில பரப்பி விடுங்க. பல்லாரி நல்லா காஞ்சது, கிலோ 42.

முக்கியமா ஒண்ணு: நேத்திலிருந்து பொன்னி மூட்டை மாறியிருக்கு, இது புது அரிசி. குக்கர்ல ஒண்ணுக்கு மூணு தண்ணி வைக்கிறவங்க ரெண்டரை வச்சுப் பாருங்க, இல்லேன்னா குழைஞ்சிடும். 25 கிலோ மூட்டையா எடுக்கிறவங்க முதல்ல ஒரு கிலோ வடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க. உதிரியா வேணும்னா பழைய அரிசி ஒரு மூட்டை இருக்கு, கிலோவுக்கு 4 ரூபாய் கூட. வீட்டுல பெரியவங்களுக்குக் குழைவாத்தான் வேணும்னா புது அரிசியே போதும், கூடக் கொடுக்க வேண்டாம்.

துவரம்பருப்பு கிலோவுக்கு 6 ரூபாய் ஏறியிருக்கு. பில் போடும்போது தெரிஞ்சா மனசு சங்கடப்படும், அதான் இப்பவே சொல்லிடுறோம்.

ரவை, மைதா மழைக்காலத்துல வண்டு வைக்கும், அரைக் கிலோவா வாங்குங்க. ரவையை வறுத்து, ஆறவிட்டு டப்பாவில போடுங்க. நம்ம கடையில வாங்கினதுல வண்டு இருந்தா, பிரிச்ச பாக்கெட்டா இருந்தாலும் கொண்டு வாங்க, மாத்தித் தர்றோம்.

தராசு உங்க பக்கம் பார்த்துத்தான் இருக்கு. சாமான் வைக்கிறதுக்கு முன்னாடி பூஜ்யம் காட்டுதான்னு பாருங்க, டப்பா கொண்டு வந்தா டப்பா எடையைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்க. கணக்கு நோட்டுல எழுதுறதை அன்னன்னைக்கே உங்க நோட்டுலயும் குறிச்சுக்கங்க.

பத்து மணிக்குள்ள பட்டியல் அனுப்பினா பன்னெண்டு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துரும், நூறு கிராம் கடுகுன்னாலும் சரி. இன்னைக்கு ஒண்ணும் வேண்டாம்னா பதில் போடணும்னு இல்ல. காலையில மெசேஜ் வர்றது தொந்தரவா இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க, நிறுத்திடுறோம்.

முன்வாசல் படி ஈரமா வழுக்குது. பெரியவங்க பக்கத்து வாசல் வழியா வாங்க.