கவின் நாளை பள்ளிக்கு வருகிறான்

கும்பகோணம்,
ஞாயிறு மாலை

வணக்கம் டீச்சர்,

நான் நான்காம் வகுப்பு கவினின் அம்மா. அவன் தாத்தா, அதாவது என் அப்பா, இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் வெள்ளிக்கிழமைதான் முடிந்தது. அதுவரை ஊரிலேயே இருந்துவிட்டோம். கவின் நாளை முதல் வகுப்புக்கு வருகிறான்.

தினமும் அவனை மொபெட்டில் கூட்டிப் போக வருவாரே, அவர்தான். நீங்கள் கேட்டருகே பார்த்திருப்பீர்கள். இனி அவன் அப்பாவோ நானோ வருவோம். முதல் சில நாள் சாயங்கால மணி அடிக்கும்போதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நாங்கள் வரும்வரை அவனைக் கேட்டருகே தனியாக நிற்க விடாமல் உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியுமா?

இன்னொன்று, கணக்கு நோட்டு. அட்டை போட்டு, லேபிளில் பெயர் எழுதியதெல்லாம் தாத்தாதான். அந்த நோட்டில் நான்கைந்து பக்கம்தான் பாக்கி. புது நோட்டு வாங்கிக் கொடுத்தேன், தொடமாட்டேன் என்கிறான். ஓரத்தில் எல்லாம் நுணுக்கி நுணுக்கி எழுதி இடத்தை மிச்சம் பிடிக்கிறான். உங்களுக்குத் திருத்தச் சிரமமாக இருக்கும், தெரியும். ஆனாலும் கொஞ்ச நாள் அதிலேயே எழுதட்டும் டீச்சர். அவனாகவே மாற்றுவான்.

எங்கள் தெருவில் ஒருவர் ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து, "தாத்தா தூங்குறாருப்பா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ராத்திரி நான் கண்ணை மூடினாலே தட்டி எழுப்புகிறான். அதனால் பேச்சு வந்தால் 'இறந்துவிட்டார்' என்றே சொல்லுங்கள். அந்த வார்த்தை அவனுக்குத் தெரியும். நெய்ப்பந்தம் பிடித்தவன் அவன். பையன்கள் அதைப் பற்றிக் கேட்பார்கள். அவனாகச் சொன்னால் சொல்லட்டும், ஆனால் எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்க வேண்டாம்.

ஒரு நிமிஷம் விளையாடுவான், அடுத்த நிமிஷம் மூஞ்சி மாறிவிடும். வயிறு வலிக்கிறது என்பான். டாக்டரிடம் காட்டிவிட்டோம், வயிற்றில் ஒன்றுமில்லை. வகுப்பில் அழுகை வந்தால் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதைப் பார்த்தால் காரணம் கேட்காமல் ஐந்து நிமிஷம் வெளியே அனுப்புங்கள். கூட ஹரியையும் அனுப்பினால் நல்லது. ஹரியிடம் மட்டும்தான் இப்போது கொஞ்சம் பேசுகிறான்.

விட்டுப்போன பாடங்களை எழுத இரண்டு வாரம் அவகாசம் தாருங்கள். மற்றபடி வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் எப்போதும்போலக் கேளுங்கள். எல்லோரும் பாவம் பாவம் என்று தலையைத் தடவுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. "டீச்சரும் அப்படிப் பண்ணுவாங்களா?" என்று நேற்றே கேட்டுவிட்டான்.

சாப்பிடாமல் இருந்தாலோ, யாரோடும் சேராமல் ஒதுங்கியே இருந்தாலோ டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ரொம்பவும் அழுதால் உடனே போன் செய்யுங்கள், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவேன்.

இந்தக் கடிதம் எழுதியது அவனுக்குத் தெரியும். பாட்டில் விஷயத்தை மறக்காமல் எழுதச் சொன்னதும் அவன்தான்.

நன்றி டீச்சர்.

இப்படிக்கு,
கவினின் அம்மா