ரெஃபரல் கேட்டு கவிதா அக்காவுக்கு

வாட்ஸ்அப், செப்டம்பர் 9, செவ்வாய், மாலை 6.40

கவிதா அக்கா, வணக்கம். நான் மங்கை. பழைய கம்பெனில இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன்ல உங்களுக்குக் கீழ மூணு வருஷம் இருந்தவ. நம்பர் மாத்திட்டேன், அதனால பேரைச் சொல்லியே ஆரம்பிக்கறேன்.

ஒரு உதவி கேக்கணும். சுத்தி வளைக்காம சொல்லிடறேன். உங்க கம்பெனி கேரியர் பக்கத்துல சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர் வேலை ஒண்ணு வந்திருக்கு. நம்பர் SQ-2217, செப்டம்பர் 26 கடைசி. அதுக்கு என்னை ரெஃபர் பண்றது உங்களுக்குச் சரிப்படுமா?

இப்பவே பதில் வேணாம். ரெஸ்யூமேவும் இதுல வைக்கல. "அனுப்பு"ன்னு நீங்க சொன்னா மெயில்ல அனுப்பறேன். முடியாதுன்னா "இப்போ வேணாம்"னு ரெண்டு வார்த்தை போதும், காரணம் தேவையில்ல. போன் பண்ணியிருப்பேன். ஆனா போன்ல கேட்டா அந்த நிமிஷமே எதையாவது சொல்லியாகணும், அந்த நெருக்கடி உங்களுக்கு வேணாம்னுதான் எழுதறேன்.

கவிதா, செப்டம்பர் 10, இரவு 9.15

மங்கை! நல்லா இருக்கியா? அது எங்க டீம் வேலை இல்ல, பக்கத்து டீம். அந்த மேனேஜரை மீட்டிங்ல பாத்திருக்கேன், பழக்கம் இல்ல. விவரத்தை அனுப்பு. படிச்சுட்டுத்தான் சொல்வேன், சரியா?

மெயில், செப்டம்பர் 11, வியாழன்
பொருள்: SQ-2217 விவரம், படிச்சுட்டு முடிவு பண்ணுங்க

அன்புள்ள அக்கா,

அனுப்பச் சொன்னதுக்கு நன்றி. "படிச்சுட்டுத்தான் சொல்வேன்"னு நீங்க சொன்னதுதான் எனக்கும் நிம்மதி. இதைப் படிச்சதும் "இது சரிவராது"ன்னு தோணினா அதையே எழுதுங்க.

உங்களால எது முடியும்னு எனக்குத் தெரியாது. அதனால மூணு அளவுல கேக்கறேன், எது வசதியோ அது. முதலாவது, ரெஃபரலே வேணாம், அந்த டீமைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்றது: சப்ளையர் இடத்துக்கு மாசத்துல எத்தனை நாள் போகணும், ஆள் ஏன் தேடறாங்க, புது இடமா இல்ல யாராவது விட்டுப் போனாங்களா. ரெண்டாவது, போர்ட்டல்ல என் பேரையும் ரெஸ்யூமேவையும் ஏத்தி, "முன்னாடி ஒண்ணா வேலை பாத்தோம்"ங்கறதோட நிறுத்திக்கறது. மூணாவது, அந்த மேனேஜருக்கு நீங்களே ஒரு வரி எழுதறது. பழக்கம் இல்லாதவர்னு சொன்னீங்க, அதனால மூணாவதை நான் எதிர்பாக்கல. முதலாவது மட்டும் கிடைச்சாலே எனக்குப் பெரிய உதவி.

வேலைக்கும் எனக்கும் எவ்வளவு பொருந்துதுன்னு நேரா சொல்லிடறேன். விளம்பரத்துல கேட்டதுல மூணு விஷயம் என்கிட்ட இருக்கு. டை காஸ்டிங், மெஷினிங் ரெண்டு வகை சப்ளையரையும் பாத்திருக்கேன். இந்த 3 வருஷத்துல 14 பிபிஏபி ஃபைல் லெவல் 3ல சரிபார்த்து முடிச்சிருக்கேன். 8டி ரிப்போர்ட் சப்ளையர்கிட்ட வாங்கறதும், ரூட் காஸ் சரியில்லைன்னா திருப்பி அனுப்பறதும் வாரா வாரம் நடக்கற வேலை. "ஆபரேட்டருக்கு ட்ரெய்னிங் கொடுத்தோம்"னு வர்ற 8டியை இப்பவும் ஏத்துக்கறதில்ல, அது உங்ககிட்ட கத்துக்கிட்டது.

இல்லாதது ஒண்ணு இருக்கு. ப்ராசஸ் ஆடிட்ல 3 வருஷ அனுபவம் கேக்கறாங்க. என்கிட்ட ஒன்றரை வருஷம்தான், அதுவும் நாலு ஆடிட்ல கூடப் போனவளா, ஒண்ணுலயும் லீட் ஆடிட்டரா இல்ல. இதுனால முதல் வடிகட்டல்லயே தள்ளிட வாய்ப்பு இருக்கு. தள்ளினா அது உங்க ரெஃபரலோட குறை இல்ல. முன்னாடியே தெரிஞ்சிருந்தா உங்களுக்குச் சங்கடம் இருக்காதுன்னுதான் எழுதறேன்.

நீங்க நேர்ல பாத்தது எது, பாக்காதது எதுன்னும் பிரிச்சிடறேன். ஜூன் 2019ல இருந்து ஜூன் 2022 கடைசி வரை, 3 வருஷம் 1 மாசம், உங்க டீம்ல இருந்தேன். அலுமினியம் ஹவுசிங் போர் கேஜோட ஆர் அண்ட் ஆர் ஸ்டடி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதல் தடவை 34 சதவீதம் வந்துச்சு. 30ஐத் தாண்டினா அந்த அளவீட்டை நம்ப முடியாதுன்னு நிறுத்தி வச்சோம். ரெண்டு இன்ஸ்பெக்டர் கேஜை வேற வேற கோணத்துல பிடிச்சதுதான் காரணம். ஸ்டாப்பர் வச்ச ஃபிக்ஸ்சர் போட்டதும் 12க்கு இறங்குச்சு, நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. 10க்குக் கீழ வரல, அதனால கஸ்டமர்கிட்ட சொல்லி ஒப்புதல் வாங்கித்தான் ஓட்டினோம். அதை யாராவது கேட்டா நீங்க தயங்காம பேசலாம்.

2022க்கு அப்புறம் நான் செஞ்சதை நீங்க பாக்கல. இப்போ இருக்கற இடத்துல ஆறு சப்ளையரோட ரிஜெக்‌ஷன் 2,100 பிபிஎம்ல இருந்து 640க்கு வந்திருக்கு. ரெஸ்யூமேல இது இருக்கு, ஆனா இதுக்கு நீங்க பொறுப்பேத்துக்க வேணாம். "அதை நான் பாக்கல, அவகிட்டயே கேளுங்க"ன்னு சொன்னா போதும்.

இன்னொண்ணு. 2021ல பிளக் கேஜ் காலிப்ரேஷன் தேதி தாண்டி 11 நாள் ஓடினதும், 400 பீஸ் மறுபடி செக் பண்ண வேண்டி வந்ததும் என் ஷிஃப்ட்ல நடந்தது. என் குறை என்னன்னு கேட்டா நீங்க மறைக்க வேணாம். அதுக்கப்புறம் காலிப்ரேஷன் தேதியை கேஜ் ரேக்லயே ஒட்டற முறையைக் கொண்டு வந்தோம், அதையும் சேத்துச் சொன்னா நல்லது.

ரெண்டாவது அளவை எடுத்துக்கிட்டீங்கன்னா உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலைதான் இருக்கணும். என் மெயில் முகவரியும் நம்பரும் ரெஸ்யூமேவோட முதல் ரெண்டு வரில இருக்கு. "எப்படித் தெரியும், எத்தனை வருஷம்"னு போர்ட்டல் கேட்டா மேல இருக்கற தேதி சரியா இருக்கும். கருத்து எழுதச் சொன்னா இதை வச்சுக்கலாம். உங்க பேச்சு மாதிரி இல்லேன்னா வெட்டி மாத்திடுங்க, நான் எழுதினதுங்கறதுக்காக அப்படியே போட வேணாம்:

"மங்கை 2019 ஜூன் முதல் 2022 ஜூன் வரை இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் என் குழுவில் பணியாற்றினார். அளவீட்டு முறைகளைச் சரிபார்ப்பதிலும், சப்ளையரின் 8டி அறிக்கைகளைக் கேள்வி கேட்டுத் திருத்துவதிலும் அவர் வேலையை நேரில் பார்த்திருக்கிறேன். தவறு நடந்தால் முதலில் சொல்பவர். 2022க்குப் பிந்தைய பணியைப் பற்றி அவரிடமே கேட்கலாம்."

"தவறு நடந்தால் முதலில் சொல்பவர்"ங்கற வரி உங்களுக்கு உண்மைன்னு படலேன்னா எடுத்துடுங்க.

நான் இன்னும் நேரடியா விண்ணப்பிக்கல. காரணம் இருக்கு. பல கம்பெனி போர்ட்டல்ல ஆள் ஒரு தடவை தானா பதிஞ்சுட்டா, அப்புறம் யாராலயும் ரெஃபரல்ல சேக்க முடியாது. அதனால செப்டம்பர் 19, வெள்ளி வரை நிறுத்தி வச்சிருக்கேன். அதுக்குள்ள ரெஃபரல் ஆகலேன்னா, சனிக்கிழமை காலைல நான் நேரடியா போட்டுடுவேன். அதாவது நீங்க வேணாம்னாலும் எனக்கு வாய்ப்பு மூடாது. 17ஆம் தேதி ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துவேன். 19 வரைக்கும் ஒண்ணும் வரலேன்னா வேணாம்னு எடுத்துக்கறேன், அதைப் பத்தி அப்புறம் பேச மாட்டேன்.

ரெஃபரல் போனஸ் உண்டுன்னு கேள்விப்பட்டேன். அது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள விஷயம். அதைச் சொல்லி உங்களை இழுக்க மனசு வரல. அதே மாதிரி, பக்கத்து டீம்ல ஆள் எடுக்கறதுல உங்களுக்கு ஏதாவது பங்கு இருந்தா, ரெஃபரலே செய்யாதீங்க. பின்னாடி யாராவது கேள்வி கேக்கற மாதிரி ஆயிடும்.

சம்பளத்தைப் பத்தி யாராவது உங்ககிட்ட கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க. நோட்டீஸ் 60 நாள், அது ரெஸ்யூமேலயே இருக்கு. இப்போ இருக்கற இடத்துல யாருக்கும் தெரியாது. நம்ம பழைய குரூப்ல இருக்கறவங்க ரெண்டு பேர் இப்போ என்னோடதான் வேலை பாக்கறாங்க, அதனால குரூப்ல மட்டும் பேச்சு வராம பாத்துக்கோங்க.

ரெஸ்யூமே இணைச்சிருக்கேன், ரெண்டு பக்கம், பிடிஎஃப்.

அன்புடன்,
மங்கை

வாட்ஸ்அப், செப்டம்பர் 17, புதன், மதியம் 1.05

அக்கா, சொன்ன மாதிரி ஒரே ஒரு ஞாபகப்படுத்தல். மெயில் ஸ்பாம்ல போயிருக்குமோன்னு ஒரு சந்தேகம், அதுக்காகவும்தான். படிக்க நேரம் இல்லேன்னா விட்டுடுங்க, சனிக்கிழமை நானே போட்டுடறேன்.

கவிதா, அன்றே, மாலை 7.30

படிச்சுட்டேன் மங்கை, ஆடிட் முடிஞ்சு இன்னிக்குத்தான் மூச்சு விட்டேன். ரெண்டாவது செய்றேன். மேனேஜருக்கு எழுதற அளவுக்கு எனக்குப் பேச்சு இல்ல, தப்பா நினைச்சுக்காதே. அந்த "முதலில் சொல்பவர்" வரியை வச்சுக்கறேன், அது உண்மைதான். டீம் பத்தி: சப்ளையர் இடத்துக்கு மாசம் எட்டுப் பத்து நாள் போகணும்னு பேசிக்கறாங்க. போன ஆள் அதனாலதான் விட்டுட்டுப் போனார்.

மங்கை, இரவு 8.10

தப்பா நினைக்க என்னக்கா இருக்கு, ரெண்டாவதே தாராளம். பத்து நாள் விஷயம் சொன்னது ரொம்ப உபயோகம். வீட்ல பேசிட்டேன், சமாளிக்கலாம். அதனால தாராளமா ஏத்துங்க. ஏத்தினதும் எனக்கு ஒரு மெயில் வரும்ல, அதுல இருக்கற லிங்க் சீக்கிரம் காலாவதி ஆகிடும்னு சொல்வாங்க. அதனால "ஏத்திட்டேன்"னு மட்டும் ஒரு வார்த்தை போடுங்க, நான் ஸ்பாம் உட்பட தேடிப் பாத்துடறேன்.

மங்கை, செப்டம்பர் 19, வெள்ளி, காலை 10.20

வந்துடுச்சு அக்கா, ஸ்பாம்லதான் கிடந்துச்சு. லிங்குக்கு 72 மணி நேரம் கெடு போட்டிருந்தாங்க. படிவம் முடிச்சாச்சு, நிலைமைல "ரெஃபர் செய்யப்பட்டது"ன்னு காட்டுது. இனிமே எங்க நிக்குதுன்னு உங்ககிட்ட கேக்க மாட்டேன். ஹெச்ஆர்ல இருந்து கூப்பிட்டாலும், வேணாம்னு சொன்னாலும், நானே உங்களுக்கு எழுதறேன். ஆடிட் முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே, மேஜர் எதுவும் வரலல்ல?