தாம்பரம்–பீச் பயணிகள்: பஸ்ஸா, ரயிலா, பல மாதம் கழித்து எவ்வளவு பேர்?

தாம்பரத்திலிருந்து பாரிமுனைப் பக்கம் தினமும் வேலைக்குப் போகும் 1000 பேரை எடுத்துக்கொள்வோம். மாத ஆரம்பத்தில் ஒவ்வொருவரும் பஸ் பாஸ் எடுக்கிறார், இல்லையென்றால் மின்சார ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுக்கிறார். அடுத்த மாதம் எதில் போவார் என்பது இந்த மாதம் எதில் போகிறார் என்பதை மட்டுமே பொறுத்தது என்று வைத்துக்கொண்டால், இது ஒரு மார்க்கோவ் சங்கிலி. முடிவு மாதத்துக்கு ஒருமுறைதான், அதனால் சங்கிலியின் ஒரு படி என்பது இங்கே ஒரு மாதம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை: பஸ்காரர்களில் 30% பேர் அடுத்த மாதம் ரயிலுக்குப் போகிறார்கள், ரயில்காரர்களில் 10% பேர் பஸ்ஸுக்கு வருகிறார்கள், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். முதல் மாதம் பஸ்ஸில் 800, ரயிலில் 200.

மாறுதல் நிகழ்தகவு அணி இது. முதல் வரிசை பஸ், இரண்டாவது ரயில்:

```
P = [ 0.7  0.3 ]
    [ 0.1  0.9 ]
```

ஒவ்வொரு வரிசையையும் கூட்டினால் 1 வரவேண்டும், ஏனென்றால் பஸ்ஸில் இருப்பவர் அடுத்த மாதம் பஸ்ஸிலோ ரயிலிலோ இருந்தே ஆகவேண்டும். வரிசையையும் நிரலையும் மாற்றிப் போட்டு மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். வரிசை "எங்கிருந்து", நிரல் "எங்கே" என்று அணிக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்து பஸ்ஸில் இருப்பவர்கள்: தங்கியவர்கள் 800 × 0.7 = 560, ரயிலிலிருந்து வந்தவர்கள் 200 × 0.1 = 20, மொத்தம் 580. இதே மாதிரி போனால் அடுத்த மாதம் 448, அதற்கடுத்து 368.8 (இது சராசரி, அதனால் பின்னம் வரும்). ஆரம்பத்தில் வேகமாகக் குறைகிறது, அப்புறம் மெதுவாகிறது. எங்கே போய் நிற்கும்?

மாதக்கணக்கில் பெருக்கத் தேவையில்லை. நிலையான பங்கு என்றால், ஒரு மாதம் கடந்தாலும் மாறாத பங்கு. பஸ்ஸின் பங்கு b என்றால் ரயிலின் பங்கு 1 − b, ஆகவே

b = 0.7b + 0.1(1 − b)
0.4b = 0.1
b = 0.25

பஸ்ஸில் 250 பேர், ரயிலில் 750 பேர்.

விடையை எழுதிவிட்டு இங்கேயே நிறுத்திவிடாதீர்கள், இந்தக் கணக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். 250, 750 என்று நின்றுவிட்டால் ஆட்கள் மாறுவதை நிறுத்திவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும், அது தவறு. 250 பஸ்காரர்களில் 30%, அதாவது 75 பேர், ஒவ்வொரு மாதமும் ரயிலுக்குப் போகிறார்கள். 750 ரயில்காரர்களில் 10%, அதே 75 பேர், பஸ்ஸுக்கு வருகிறார்கள். பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் உட்காரும் முகம் மாறிக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை மட்டும் அசையாது. மேலே உள்ள சமன்பாடும் இதையேதான் சொல்கிறது: 0.3b = 0.1(1 − b), போகிறவர்கள் எத்தனையோ வருகிறவர்களும் அத்தனை. இப்படிப் பார்த்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

சரி, 800க்குப் பதில் ஆரம்பத்தில் பஸ்ஸில் ஒருவருமே இல்லையென்றால்? 0, 100, 160, 196 என்று ஏறி அதுவும் 250ஐ நோக்கித்தான் வரும். 250இலிருந்து உள்ள இடைவெளி ஒவ்வொரு மாதமும் 0.6 மடங்காகச் சுருங்குகிறது: 800இல் தொடங்கினால் 550, 330, 198, 118.8. இந்த 0.6 என்பது 1 − 0.3 − 0.1. பன்னிரண்டு மாதத்தில் இடைவெளி ஏறக்குறைய 1.2 பேர்தான், ஆக ஒரு வருஷத்தில் பஸ்ஸில் சுமார் 251 பேர். கணினியில் பார்க்க விரும்பினால்:

```
b = 800
for m in range(1, 13):
    b = 0.7*b + 0.1*(1000 - b)
    print(m, round(b, 1))
```

எல்லாருமே மாதாமாதம் மாறினால் இது நடக்காது. அப்போது 800, 200, 800 என்று ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சங்கிலிக்குப் பெயர் தந்த ரஷ்யக் கணித அறிஞர் மார்க்கோவ் இதே இரண்டு நிலைக் கணக்கை 1913இல் புஷ்கினின் செய்யுள் நாவலிலிருந்து எடுத்த 20,000 எழுத்துகளில் போட்டுப் பார்த்தார். உயிருக்குப் பின் உயிர் வருவது 0.128, ஆகவே உயிருக்குப் பின் மெய் 1 − 0.128 = 0.872; மெய்க்குப் பின் உயிர் 0.663. நம் முறையிலேயே 0.663 ÷ (0.663 + 0.872) போட்டால் 0.432 வருகிறது; அவர் எண்ணிய உயிரெழுத்துகள் 8638, அதாவது 43.2%.

நம் பயணிகளிடம் ஒரு எச்சரிக்கை உண்டு. 30%, 10% இரண்டும் மாதாமாதம் மாறக்கூடாது. நவம்பர் மழையில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று பஸ் சுற்றிப் போகும் மாதத்தில் பஸ்ஸை விடுகிறவர்கள் 30%க்கு மேலேயே இருப்பார்கள், அப்போது வேறு அணி வேண்டும். மாறாக, பஸ் சேவை நன்றாகி, விடுகிறவர்கள் 20% ஆகக் குறைந்து, வருகிறவர்கள் அதே 10% என்றால் 0.1 ÷ 0.3, மூன்றில் ஒரு பங்கு, 333 பேர். புதிதாக ஒருவரைக்கூடக் கூடுதலாக இழுக்காமல், இருப்பவர்களைத் தக்கவைத்ததாலேயே பஸ்ஸுக்கு 83 பேர் கூடிவிட்டார்கள்.