செயற்றிட்ட நிதி: வினா 4, மாதிரி விடை, புள்ளியிடற் குறிப்பு

வினா 4 (25 புள்ளிகள்)

பண்டாரவளைக்கு அருகே சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, தமது கொழுந்தைத் தாமே பதப்படுத்தி நேரடியாகக் கொள்வனவாளர்களுக்கு விற்கும் சிறிய தொழிற்சாலையொன்றைத் தொடங்கத் திட்டமிடுகின்றனர். கட்டடம் ஐந்தாண்டுக் குத்தகைக்குப் பெறப்படுவதால், செயற்றிட்டத்தின் ஆயுட்காலமும் இயந்திரங்களின் பயன்தரு ஆயுட்காலமும் ஐந்து ஆண்டுகள் எனக் கொள்ளப்படுகின்றன.

வாடல் தொட்டி, ரோலர், உலர்த்தி, நிறம் பிரிக்கும் இயந்திரம் ஆகியவற்றின் கொள்விலை ரூபா 44,600,000 ஆகும். கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றிவருவதற்கும், அத்திவாரமிட்டுப் பொருத்துவதற்கும், பரீட்சார்த்தமாக இயக்குவதற்கும் மேலும் ரூபா 5,400,000 செலவாகும். இயந்திரங்களை இயக்கவுள்ளோருக்கான பயிற்சிக்கு ரூபா 650,000 செலுத்தப்பட்டு, உற்பத்தி தொடங்குவதற்கு முந்திய ஆண்டின் செலவாக எழுதப்பட்டுள்ளது. ஐந்தாம் ஆண்டு இறுதியில் இயந்திரங்களின் எச்சப் பெறுமதி ரூபா 3,888,000.

ஒரு கிலோகிராம் தேயிலையின் விற்பனை விலை ரூபா 2,400. ஒரு கிலோகிராம் தேயிலைக்கு 4.6 கிலோகிராம் பச்சைக் கொழுந்து தேவைப்படும். கொழுந்தின் விலை கிலோகிராமுக்கு ரூபா 250. விறகும் மின்சாரமும் ரூபா 170, பொதியிடல் ரூபா 130, போக்குவரத்தும் தரகும் ரூபா 150 என்பன ஒவ்வொரு கிலோகிராம் தேயிலைக்குமான ஏனைய மாறும் கிரயங்களாகும். ஆண்டுதோறும் சம்பளம் ரூபா 10,800,000, குத்தகை ரூபா 3,600,000, காப்புறுதியும் அலுவலகச் செலவும் ரூபா 2,400,000.

வங்கிக் கடன் ரூபா 30,000,000, ஆண்டு வட்டி 12%. கடனின் முதல், ஐந்து சமமான ஆண்டுத் தவணைகளில் திருப்பிச் செலுத்தப்படும்; வட்டி, ஆண்டுத் தொடக்கத்திலுள்ள கடன் மீதியின் மீது கணிக்கப்படும். கடனையும் வட்டியையும் செலுத்துவதற்குக் கிடைக்கும் காசு, அவ்வாண்டில் செலுத்தவேண்டிய தொகையின் 1.30 மடங்குக்குக் குறையலாகாது என்பது வங்கியின் நிபந்தனை. வருமான வரியைப் புறக்கணிக்குக. உற்பத்தியாகும் தேயிலை முழுவதும் அதே ஆண்டில் விற்கப்படுகிறது எனக் கொள்க.

(அ) நேர்கோட்டு முறையிலும் 40% வீதத்தில் குறைந்து செல்லும் மீதி முறையிலும் ஐந்து ஆண்டுகளுக்குமான பெறுமானத் தேய்வைக் கணிக்குக. (6 புள்ளிகள்)

(ஆ) வட்டியைச் சேர்க்காது, ஒவ்வொரு ஆண்டுக்குமான சமப்பாட்டுப் புள்ளியை இரு முறைகளிலும் கிலோகிராமில் காண்க. (6 புள்ளிகள்)

(இ) முதலாம் ஆண்டு விற்பனை 42,000 கிலோகிராம் எனின், வட்டிக்கு முந்திய இலாபத்தை இரு முறைகளிலும் கணித்து, வேறுபாட்டை விளக்குக. (4 புள்ளிகள்)

(ஈ) முதலாம் ஆண்டில் கடன் தவணையையும் வட்டியையும் செலுத்தப் போதுமான விற்பனையையும், வங்கியின் நிபந்தனையை நிறைவேற்றத் தேவையான விற்பனையையும் காண்க. (5 புள்ளிகள்)

(உ) மூன்றாம் ஆண்டில் வரட்சியால் விற்பனை 31,000 கிலோகிராமாகக் குறைகிறது. “குறைந்து செல்லும் மீதி முறையில் இலாபம் காட்டப்படுவதால் கவலைப்படத் தேவையில்லை” என்று உறுப்பினர் ஒருவர் கூறுகிறார். கணிப்புகளுடன் கருத்துரைக்க. (4 புள்ளிகள்)

மாதிரி விடை

(அ) இயந்திரத்தின் கிரயம் 44,600,000 + 5,400,000 = ரூபா 50,000,000. பயிற்சிச் செலவு இதில் சேராது. சொத்தை உரிய இடத்துக்குக் கொண்டுவந்து இயங்கும் நிலையில் வைப்பதற்கான நேரடிச் செலவுகள் மட்டுமே கிரயமாகும் என்பதும், பணியாளர் பயிற்சி அதற்குப் புறம்பானது என்பதும் LKAS 16 நியமத்தின் நிலைப்பாடாகும்.

நேர்கோட்டு முறை: (50,000,000 − 3,888,000) ÷ 5 = ஆண்டுக்கு ரூபா 9,222,400.

குறைந்து செல்லும் மீதி முறையில் 40% வீதம் ஆண்டுத் தொடக்க ஏட்டுப் பெறுமதிக்குப் பிரயோகிக்கப்படும். எச்சப் பெறுமதியை முன்கூட்டியே கழிக்கலாகாது, ஏனெனில் அது வீதத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது: 1 − (3,888,000 ÷ 50,000,000)^(1/5) = 0.40. முதலாம் ஆண்டில் 50,000,000 × 40% = 20,000,000; எஞ்சும் 30,000,000இன் 40% இரண்டாம் ஆண்டின் 12,000,000; இவ்வாறே தொடர்ந்து ஐந்தாம் ஆண்டின் முடிவில் ஏட்டுப் பெறுமதி ரூபா 3,888,000 ஆகும்.

(ஆ) மாறும் கிரயம்: 4.6 × 250 = 1,150; அதனுடன் 170, 130, 150 சேர ரூபா 1,600. ஆகவே ஒரு கிலோகிராமின் பங்களிப்பு 2,400 − 1,600 = ரூபா 800. காசாகச் செலுத்தப்படும் நிலையான கிரயம் ஆண்டுக்கு ரூபா 16,800,000. அதனுடன் அவ்வாண்டின் பெறுமானத் தேய்வைக் கூட்டி 800ஆல் வகுக்கும்போது சமப்பாட்டுப் புள்ளி கிடைக்கும். நேர்கோட்டு முறையில் அது 26,022,400 ÷ 800 = 32,528 கிலோகிராம்; ஐந்து ஆண்டுகளிலும் மாறாது. மற்றைய முறையின் பெறுபேறுகள் வருமாறு:

| ஆண்டு | பெறுமானத் தேய்வு (ரூபா) | மொத்த நிலையான கிரயம் (ரூபா) | சமப்பாட்டுப் புள்ளி (கி.கி.) |
|---|---|---|---|
| 1 | 20,000,000 | 36,800,000 | 46,000 |
| 2 | 12,000,000 | 28,800,000 | 36,000 |
| 3 | 7,200,000 | 24,000,000 | 30,000 |
| 4 | 4,320,000 | 21,120,000 | 26,400 |
| 5 | 2,592,000 | 19,392,000 | 24,240 |

இந்த ஐந்து புள்ளிகளின் சராசரி 162,640 ÷ 5 = 32,528. நேர்கோட்டு முறையின் விடையும் இதுவே. இரு முறைகளிலும் எழுதித் தள்ளப்படும் மொத்தத் தொகை ரூபா 46,112,000 ஆகவும், பங்களிப்பு மாறாமலும் இருப்பதால் இவ்வாறே அமையவேண்டும்; மாணவர் தமது கணிப்பைச் சரிபார்ப்பதற்கு இதைவிட விரைவான வழி இல்லை.

(இ) நேர்கோட்டு முறையில் (42,000 − 32,528) × 800 = ரூபா 7,577,600 இலாபம். குறைந்து செல்லும் மீதி முறையில் (42,000 − 46,000) × 800 = ரூபா 3,200,000 நட்டம். இரண்டுக்கும் இடையிலான ரூபா 10,777,600, முதலாம் ஆண்டுப் பெறுமானத் தேய்வுகளின் வேறுபாடாகிய 20,000,000 − 9,222,400 என்பதற்கு முற்றிலும் சமமாகும். இரு நிலைகளிலும் ஒரே அளவு கொழுந்து வாங்கப்பட்டது, ஒரே சம்பளம் வழங்கப்பட்டது, ஒரே அளவு தேயிலை விற்கப்பட்டது. இயந்திரத்தின் கிரயம் எந்த ஆண்டுகளுக்கு எவ்வளவு பகிரப்படுகிறது என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

எந்த முறை பொருத்தமானது என்பது விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. சொத்தின் எதிர்காலப் பொருளாதார நன்மைகள் நுகரப்படும் பாங்கை அம்முறை காட்டவேண்டும். ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவு உழைக்கும் ரோலருக்கு நேர்கோட்டு முறை பொருந்தும். புதிய மாதிரிகள் வருவதால் விரைவில் பழமையடையக்கூடிய நிறம் பிரிக்கும் இயந்திரத்துக்கு மற்றைய முறை பொருந்தலாம். பின்னர் பாங்கு மாறியதாகக் கண்டு முறையை மாற்றினால், அது கணக்கீட்டு மதிப்பீட்டில் ஏற்பட்ட மாற்றமாகவே கொள்ளப்படும்.

(ஈ) முதலாம் ஆண்டில் முதல் ரூபா 6,000,000, வட்டி 30,000,000 × 12% = ரூபா 3,600,000, மொத்தம் ரூபா 9,600,000. பெறுமானத் தேய்வு காசாக வெளியேறாததால் இங்கு இடம்பெறாது; அதற்குப் பதிலாகக் கடனின் முதல் இடம்பெறுகிறது. தேவையான விற்பனை (16,800,000 + 9,600,000) ÷ 800 = 33,000 கிலோகிராம்.

வங்கியின் நிபந்தனைக்குத் தேவையான காசு 9,600,000 × 1.30 = 12,480,000. ஆகவே விற்பனை (16,800,000 + 12,480,000) ÷ 800 = 36,600 கிலோகிராமாக இருக்கவேண்டும். 42,000 கிலோகிராம் விற்கப்படும்போது கிடைக்கும் காசு 33,600,000 − 16,800,000 = ரூபா 16,800,000; இது செலுத்தவேண்டிய தொகையின் 1.75 மடங்கு. ஏட்டில் ரூபா 3,200,000 நட்டம் காட்டும் அதே ஆண்டில் கடன் இடரின்றிச் செலுத்தப்படுகிறது.

(உ) மூன்றாம் ஆண்டில் குறைந்து செல்லும் மீதி முறை (31,000 − 30,000) × 800 = ரூபா 800,000 இலாபத்தையும், நேர்கோட்டு முறை (32,528 − 31,000) × 800 = ரூபா 1,222,400 நட்டத்தையும் காட்டும். ஆயினும் அவ்வாண்டுத் தொடக்கக் கடன் மீதி ரூபா 18,000,000, வட்டி ரூபா 2,160,000, செலுத்தவேண்டியது ரூபா 8,160,000. கிடைக்கும் காசு 31,000 × 800 − 16,800,000 = ரூபா 8,000,000. ரூபா 160,000 குறைகிறது. அதாவது இன்னும் 200 கிலோகிராம் தேயிலை விற்கப்பட்டிருக்க வேண்டும். விகிதம் 0.98 ஆக இருப்பதால் வங்கியின் நிபந்தனையும் மீறப்படுகிறது. உறுப்பினரின் கூற்று ஏற்கத்தக்கதன்று. முன்னைய ஆண்டுகளின் காசு மிகுதி பங்கிடப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தால் மட்டுமே இக்குறைவைச் சமாளிக்க முடியும். இன்றேல், வரட்சியின் விளைவு தெரிந்தவுடன், தவணை நாளுக்கு முன்னரே வங்கியுடன் பேசவேண்டும்.

புள்ளியிடுவோருக்கான குறிப்பு

பகுதி (அ)இல் 46,112,000இன் 40% எனத் தொடங்கும் விடைத்தாள்கள் பல வரும் என எதிர்பார்க்கிறேன். முதலாம் ஆண்டுக்கு 18,444,800 என்ற எண்ணைக் கண்டால் அதுவே காரணம். அத்தவறுக்கு இரண்டு புள்ளிகளை ஒரு முறை மட்டும் குறைத்து, பகுதி (ஆ), (இ) ஆகியவற்றை மாணவரின் சொந்த எண்களைக் கொண்டே திருத்துக. பயிற்சிச் செலவைச் சேர்த்து 50,650,000 எனக் கொண்டவருக்கு ஒரு புள்ளி மட்டும் குறைக்கப்படும்.

பகுதி (ஈ)இல் பெறுமானத் தேய்வையும் கடனின் முதலையும் ஒருங்கே கூட்டியவருக்கு முறைக்கான புள்ளி வழங்கலாகாது. இவ்வினாவை அமைத்ததன் நோக்கமே அந்த வேறுபாட்டை மாணவர் அறிகிறாரா என்று பார்ப்பதுதான். இங்கு இரக்கம் காட்டினால், நாளை ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்க்கப்போகும் பிள்ளைக்கு நாம் தீங்கு செய்தவர்களாவோம்.

வரி புறக்கணிக்கப்பட்டிருப்பினும், முறையை மாற்றினால் வரி குறையும் என ஒருவர் எழுதக்கூடும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி வரிக் கணிப்பில் கழிக்கப்படுவது மூலதனப் படியே; ஏட்டிலுள்ள பெறுமானத் தேய்வு அன்று. எனவே அக்கூற்றுக்குப் புள்ளி இல்லை.

பகுதி (உ)இல், ஊவாவில் யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றில் கொழுந்து குறைந்தாலும் தேயிலையின் தரம் உயர்ந்து விலையும் கூடும் என்று எழுதும் மாணவரும் இருப்பார். அவர் வீட்டில் யாரேனும் மலையில் கொழுந்து பறித்திருக்கக்கூடும். கிலோகிராமுக்கு ரூபா 6 கூடுதலாகக் கிடைத்தாலே 31,000 கிலோகிராமில் ரூபா 186,000 சேர்ந்து, 160,000 ரூபாக் குறைவு நீங்கிவிடும் எனக் கணித்துக் காட்டுபவருக்கு, வேறிடத்தில் புள்ளி இழந்திருந்தாலும், இப்பகுதியின் நான்கு புள்ளிகளையும் முழுமையாக வழங்குக.