பள்ளி நூலகத்தைக் கணினி அட்டவணைக்கு மாற்றும் பணி: விலைப்புள்ளி

விலைப்புள்ளி எண்: 14/2025
தேதி: 2 ஜூன் 2025
செல்லுபடியாகும் நாள்: 2 ஜூலை 2025 வரை

பெறுநர்: தலைமையாசிரியை அவர்கள் (பார்வைக்கு: நூலகப் பொறுப்பாசிரியர்)

வணக்கம் அம்மா.

சென்ற வாரம் நூலகத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். சேர்க்கைப் பதிவேட்டில் கடைசி எண் 3,240. அலமாரிகளில் இருப்பது அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். கீழே உள்ள தொகை முழுவதும் 3,240 என்ற எண்ணிக்கையை வைத்தே போடப்பட்டுள்ளது. பில் போடும்போது உண்மையில் பதிவான புத்தகங்களுக்கு மட்டுமே கணக்கு.

செய்து தருபவை

1. கோஹா நூலக மென்பொருளை உங்கள் கணினியில் நிறுவி, இரவல் விதிகள், வகுப்புப் பிரிவுகள், அபராதம் (வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள், அதனால் பூஜ்யம்) எல்லாவற்றையும் அமைத்துத் தருவது. இது கட்டற்ற மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. இரவுதோறும் தானாகக் காப்புப் பிரதி எடுக்கவும், வாரம் ஒருமுறை அதைப் பென் டிரைவில் ஏற்றவும் வழி செய்துவிடுவோம். ரூ. 9,000

2. ஐ.எஸ்.பி.என். உள்ள புத்தகங்களைப் பதிவது. சுமார் 1,900 புத்தகங்கள், ஒன்றுக்கு ரூ. 6. மொத்தம் ரூ. 11,400

3. ஐ.எஸ்.பி.என். இல்லாத பழைய புத்தகங்களைக் கையால் பதிவது. சுமார் 1,340 புத்தகங்கள், ஒன்றுக்கு ரூ. 14. மொத்தம் ரூ. 18,760

4. பார்கோடும் முதுகுச் சீட்டும் அச்சிட்டு ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் போடுவது. 3,240 புத்தகங்கள், ஒன்றுக்கு ரூ. 4. மொத்தம் ரூ. 12,960

5. மாணவர் பட்டியலை ஏற்றி, உறுப்பினர் எண் கொடுப்பது. ரூ. 2,000

6. நூலகப் பொறுப்பாசிரியருக்கும் உதவிக்கு வரும் மாணவர்களுக்கும் இரண்டு அரைநாள் பயிற்சி. தமிழில் அச்சிட்ட கையேடும் உண்டு. ரூ. 4,000

மொத்தம்: ரூ. 58,120 (ஐம்பத்தெட்டாயிரத்து நூற்று இருபது ரூபாய் மட்டும்). தனியாக வரி எதுவும் சேராது.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஏன் இவ்வளவு விலை வித்தியாசம் என்று நிர்வாகக் குழுவில் கட்டாயம் கேட்பார்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஐ.எஸ்.பி.என். எண்ணை அடித்தால் பெரிய நூலகங்களின் பதிவை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். சரிபார்ப்பதுதான் வேலை. 1970களுக்கு முந்தைய பதிப்புகளில் அந்த எண் இருக்காது, பின்னால் வந்த பல தமிழ் வெளியீடுகளிலும் போட்டிருக்க மாட்டார்கள். அவற்றுக்குத் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், வகை எண் என்று ஒவ்வொன்றையும் புத்தகத்தைத் திறந்து பார்த்துத்தான் அடிக்க வேண்டும். எண் இருந்தும் எந்த நூலகத்திலும் பதிவு கிடைக்காத புத்தகங்கள் மூன்றாவது கணக்கில் சேரும். இதனால் பில் கூடினாலும் மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு (ரூ. 2,906) மேல் போகாது. அதையும் தாண்டும் நிலை வந்தால், உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் வேலையைத் தொடர மாட்டோம்.

ஆசிரியர் பெயரில் ஒரு முடிவு உங்களிடமிருந்து வேண்டும். ஒரே அலமாரியில் ஒரு புத்தகத்தில் புதுமைப்பித்தன் என்றும் இன்னொன்றில் சொ. விருத்தாசலம் என்றும் இருந்தால், தேடுகிற மாணவருக்குப் பாதிதான் கிடைக்கும். புனைபெயரையே முதன்மையாக வைத்து, இயற்பெயரில் தேடினாலும் அங்கே போய்ச் சேரும்படி இணைப்புக் கொடுக்கலாம் என்பது எங்கள் யோசனை. தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் வரும். வகைப்படுத்தலுக்கு டியூயி முறை. தமிழ் இலக்கியம் 894.811இன் கீழ் வரும். பள்ளி நூலகத்தில் அதிலேயே புத்தகங்கள் குவிந்துவிடும் என்பதால் கவிதை, நாடகம், கதை என்று ஒரு படி மட்டும் பிரிப்போம். அதற்குமேல் நீளமான எண் போட்டால் முதுகுச் சீட்டில் இடமும் போதாது, சிறுவர்களுக்கும் புரியாது.

நீங்கள் கொடுத்த பழைய எக்செல் பட்டியல் யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது. அதை மாற்றித் தருவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், அதனால் அதை ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே பயன்படுத்துவோம். பதிவுகள் புத்தகத்தைப் பார்த்தே நடக்கும்.

இதில் சேராதவை

கணினி, பார்கோடு ஸ்கேனர், பிரிண்டர், யு.பி.எஸ். ஆகியவற்றை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். கணினியில் 8 ஜி.பி. ரேம் இருந்தால் நல்லது. லினக்ஸ் போடப்போவதால், அதில் வேறு அலுவலக வேலை நடக்கிறதென்றால் முதலிலேயே சொல்லுங்கள். புத்தகம் தைப்பது, பைண்டிங் எங்கள் வேலையில் இல்லை. கழித்துவிட வேண்டிய கிழிந்த புத்தகங்களை நாங்கள் வருவதற்கு முன் பிரித்து வைத்தால் உங்களுக்குத்தான் மிச்சம். குப்பைக்குப் போகிற புத்தகத்துக்கும் பார்கோடு ஒட்டிக் காசு வாங்க எங்களுக்கு மனமில்லை.

கால அளவு

முன்பணம் வந்த நாளிலிருந்து ஆறு வாரம். எங்கள் தரப்பில் இருவர், பள்ளி நேரத்தில் மட்டும். முதல் நான்கு வாரங்களில் புதிதாக இரவல் கொடுக்க வேண்டாம், வெளியே உள்ள புத்தகங்களைத் திரும்பப் பெற்றுவிடுங்கள். தேர்வு, விழா காரணமாக நூலகம் பூட்டியிருந்தால் அந்த நாட்கள் ஆறு வாரத்தில் சேராது.

பணம் செலுத்தும் முறை

வேலை தொடங்கும் முன் ரூ. 18,000. பாதிப் புத்தகங்கள் பதிவானதும் ரூ. 20,000. பயிற்சி முடிந்து, கீழே சொன்ன சோதனையும் முடிந்த பின் மீதி ரூ. 20,120. எண்ணிக்கை கூடினாலோ குறைந்தாலோ இந்தக் கடைசித் தவணையில் சரிசெய்துகொள்ளலாம்.

காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் மட்டும், ரொக்கம் வேண்டாம். பில் தந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் தந்தால் போதும். மானியம் வரத் தாமதமானால் முன்கூட்டியே ஒரு வரி எழுதுங்கள், அதற்கு வட்டி கேட்க மாட்டோம். பணம் பாக்கி இருந்தாலும் தரவை நாங்கள் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. நிர்வாகி கடவுச்சொல் முதல் நாளே உங்களிடம் இருக்கும்.

வேலை தொடங்கிய பிறகு நீங்கள் நிறுத்தச் சொன்னால், அதுவரை பதிவானவற்றுக்கும் நிறுவியதற்கும் மேலே உள்ள விலைப்படி கணக்குப் போட்டு, முன்பணத்தில் மிச்சம் இருந்தால் திருப்பித் தருவோம்.

சோதனையும் பிந்தைய உதவியும்

எந்த அலமாரியிலிருந்தும் 50 புத்தகங்களை நீங்களே எடுத்துத் திரையில் உள்ள பதிவோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கு மேல் பிழை இருந்தால், பிழை வந்த அலமாரிகள் முழுவதையும் எங்கள் செலவில் மறுபடி சரிபார்த்துத் தருவோம். ஒப்படைத்த பின் மூன்று மாதம் வரை பதிவுப் பிழை, உரிந்து வரும் சீட்டு, மென்பொருள் சிக்கல் எல்லாவற்றுக்கும் இலவச உதவி. அப்புறம் வேண்டுமானால் ஆண்டுப் பராமரிப்புக்குத் தனியாக விலை தருகிறோம், கட்டாயமில்லை.

இந்த விலைகள் 30 நாட்களுக்கு, அதாவது 2 ஜூலை 2025 வரை, மாறாது. அதற்குப் பிறகு ஒட்டுத்தாளின் விலையைப் பொறுத்து நான்காவது வரி மட்டும் மாறலாம். சம்மதமென்றால் இந்த விலைப்புள்ளி எண்ணைக் குறிப்பிட்டு, பள்ளி முத்திரையுடன் பணி ஆணை அனுப்புங்கள். ஆசிரியர் பெயர் பற்றிய உங்கள் முடிவையும் அதிலேயே எழுதிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
நூலக அட்டவணைப் பணிக் குழுவினர்